நோன் ஷிப்பர் ஆன பிறகும் பெட்டியை ஏன் திறந்தார்கள்?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். சிஎன்சி இயந்திர ஸ்பிண்டில்களைப் புதுப்பித்து, கோயம்புத்தூரில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு விமானத்தில் அனுப்புகிறோம். இரண்டு மாதத்துக்கு முன், எங்கள் சரக்கை விமான நிறுவனத்திடம் கொண்டு சேர்க்கும் ஃபார்வர்டர் எங்களை நோன் ஷிப்பராகப் பதிவு செய்தார். இனிமேல் சோதனை இருக்காது என்று நினைத்தோம். லண்டனில் இதே தொழில் செய்யும் நண்பரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் போன வெள்ளிக்கிழமை எங்கள் மரப்பெட்டியைத் திறந்திருக்கிறார்கள், சர்க்யூட் போர்டு இருந்த ஃபாயில் பையை வெட்டியிருக்கிறார்கள், விமானமும் தவறிவிட்டது, அதற்கு மேல் ஸ்கிரீனிங் கட்டணம் வேறு. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் கட்-ஆஃப் மாலை 6 மணி என்று இருக்கிறது, ஃபார்வர்டர் 2 மணி என்கிறார். யாரை நம்புவது? இனி எப்படிப் பேக் செய்வது? பெட்டியின் படங்களையும் டாக் ரசீதையும் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், எடிசன்

பதில்:

உங்கள் ஃபார்வர்டர் உங்களை ஏமாற்றவில்லை. லண்டன் நண்பரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வேறு வேறு ஊரின் சட்டத்தைப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். இந்த ஒரு குழப்பத்தால் விமானத்தைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி முடியாது.

முதலில் நோன் ஷிப்பர் என்றால் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் பயணிகள் போகும் விமானத்தின் அடிவயிற்றில் சரக்கு ஏற்ற வேண்டுமானால், அதை அனுப்புகிறவர் யார் என்று விமான நிறுவனத்துக்கோ ஃபார்வர்டருக்கோ முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2001 செப்டம்பருக்குப் பிறகு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. தெரியாதவர் சரக்கு பயணிகள் விமானத்தில் ஏறாது, சரக்கு மட்டும் சுமக்கும் ஃப்ரெய்ட்டரில்தான் போகும். உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி ஆகியவற்றை ஃபார்வர்டர் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் கணினிப் பதிவேட்டில் போட்டுப் பார்ப்பார். அது உங்களை அடையாளம் கண்டுகொண்டால் வேலை முடிந்தது. இல்லையென்றால் யாராவது பட்டறைக்கே வந்து, இப்படி ஒரு தொழில் உண்மையாகவே நடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். ஆக, இந்தத் தகுதி பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: அனுப்புவது யார்?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தனிக் கேள்வி. 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 2010 ஆகஸ்டிலிருந்து பயணிகள் விமானத்தில் ஏறும் சரக்கு நூற்றுக்கு நூறு சோதிக்கப்பட வேண்டும். ஏதோ பத்தில் ஒன்றை எடுத்துப் பார்ப்பதல்ல, ஒவ்வொரு உருப்படியும். நோன் ஷிப்பரின் பெட்டிக்கும் இதில் விலக்கு இல்லை. ரேஷன் கார்டு இருந்தால் வரிசையில் நிற்கலாம், ஆனால் வரிசையே இல்லை என்று ஆகிவிடாது இல்லையா? அது மாதிரிதான். 2010-க்கு முன்பு இந்தத் தொழிலில் இருந்தவர்கள் சிலர் இன்னமும் "நோன் ஷிப்பரா, அப்படியே போகும்" என்று பேசுவதைக் கேட்கலாம். அவர்கள் மனதில் பழைய காலம் அப்படியே நின்றுவிட்டது.

லண்டன் நண்பர் சொன்னது வேறு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நோன் கன்சைனர் என்று ஒன்று உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் விஷயம் வேறு. அங்கே அரசு ஏற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் பட்டறைக்கு வந்து, பொருளைத் தயாரிக்கும் இடம், பேக் செய்யும் அறை, அங்கே வேலை செய்பவர்கள், வண்டி ஏறும் வரை பெட்டி எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் சரிபார்த்துச் சான்று கொடுக்கிறார். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வழியில் யார் கையும் படாமல் வரும் பெட்டியை மறுபடி எக்ஸ்ரே செய்ய வேண்டியதில்லை. அங்கே அது பெட்டிக்கும் சேர்த்துக் கொடுக்கும் நம்பிக்கை. இங்கே நோன் ஷிப்பர் என்பது ஆளுக்கு மட்டும் கொடுக்கும் நம்பிக்கை.

அமெரிக்காவில் அதற்கு நெருக்கமான ஏற்பாடு என்றால் சிசிஎஸ்எஃப். சரக்கைத் தானே சோதித்து, முத்திரை வைத்து அனுப்ப டிஎஸ்ஏ அனுமதித்த இடம் என்று பொருள். உங்கள் ஃபார்வர்டரின் கிடங்கு அப்படி ஒன்று. நீங்கள் நினைத்தால் உங்கள் பட்டறையும் அப்படி ஆகலாம். அது தேவையா என்று பிறகு சொல்கிறேன்.

சரி, இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். 6 மணியும் சரி, 2 மணியும் சரி. இரண்டும் வேறு வேறு கதவின் நேரம்.

இணையதளத்தில் நீங்கள் பார்த்த 6 மணி, இரவு 10.30-க்குக் கிளம்பும் விமானத்துக்கு விமான நிறுவனத்தின் டாக்கில் சரக்கை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம். ஆனால் அது ஏற்கெனவே சோதித்து முடித்து, காகிதங்கள் தயாராகி, எடை போட்டு வந்து நிற்கும் சரக்குக்கு. சோதிக்காத பெட்டியை அதே டாக்கில் கொண்டு போய் இறக்கி "நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்" என்றால், அதற்கு இன்னும் பல மணி நேரம் முன்னதாக ஒரு கட்-ஆஃப் இருக்கும். எத்தனை மணி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், விமான நிலையத்துக்கு விமான நிலையம் மாறும். இணையதளத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை நேரம். கீழே சின்ன எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை.

இனி 6 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை கென்னடியின் சரக்கு டாக்குகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து ஒரு ஸ்கிட்டை, அதாவது சரக்கு அடுக்கிக் கட்டிய ஒரு மரத்தட்டை, இறக்கியதெல்லாம் சாதாரணம். அதனால் விவரம் தெரிந்த ஃபார்வர்டர் 4 அல்லது 4.15-க்கு வண்டியை வரிசையில் நிறுத்திவிடப் பார்ப்பார். அவர் கிடங்கு ஜமைக்கா, ஸ்பிரிங்ஃபீல்ட் கார்டன்ஸ் பக்கம் இருந்தால் தூரம் கொஞ்சம்தான். ஏற்றி, கட்டி, புறப்பட அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். ஆக 3.30-க்குள் அவர் கையில் சோதித்த, முத்திரை வைத்த பெட்டி இருந்தாக வேண்டும். பெட்டியை இறக்கி, எண்ணி, அளந்து, எக்ஸ்ரேயில் விட்டு, எதுவும் மக்கர் செய்யாமல் வெளியே எடுக்க ஒரு மணி நேரம். சந்தேகம் வந்தால் என்று இன்னும் அரை மணியைக் கையில் வைத்திருப்பார். அதுதான் உங்களுக்குச் சொன்ன 2 மணி. அவர் தன் வசதிக்காக நான்கு மணி நேரத்தை விழுங்கவில்லை.

இதோடு ஒரு காகித கட்-ஆஃபும் ஓடுகிறது. ஒரே வகைப் பொருளின் மதிப்பு 2,500 டாலரைத் தாண்டினால் ஏற்றுமதி விவரத்தை மின்னணு முறையில் பதிவு செய்ய வேண்டும். விமானத்துக்குச் சட்டப்படியான கடைசி நேரம் புறப்பாட்டுக்கு 2 மணி முன்பு. ஆனால் அதற்கான எண் இல்லாமல் விமான நிறுவனம் சரக்கையே வாங்காது. அதனால் உங்கள் இன்வாய்ஸ் முந்தைய நாள் மாலையே ஃபார்வர்டருக்குப் போயிருக்க வேண்டும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் டாக் ரசீதில் பெட்டி வந்து சேர்ந்த நேரம் மதியம் 1.40 என்று இருக்கிறது. கட்-ஆஃபுக்கு இருபது நிமிடம் முன்னால். நேரத்துக்கு வந்ததாக நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் அந்த 2 மணி என்பது எந்தச் சிக்கலும் இல்லாத அட்டைப்பெட்டிக்குக் கணக்கிட்ட நேரம். உங்களுடையது அப்படிப்பட்ட பெட்டி இல்லை.

படங்களைப் பார்த்து நான் ஊகிப்பது இது. ஒரே மரப்பெட்டி. உள்ளே ஸ்பிண்டில், அதன் பக்கத்தில் டிரைவ் போர்டுகள், கீழே ஃபோம், இடைவெளியில் கேபிள் சுருள். நான்கு பக்கமும் ஆணி. எக்ஸ்ரேயில் விட்டதும் ஸ்பிண்டில் இருக்கும் இடம் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்திருக்கும். கெட்டியான எஃகைக் கிடங்கு எக்ஸ்ரே ஊடுருவாது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரையைப் பார்ப்பவரால் சொல்ல முடியாது. போதாததற்குப் பக்கத்தில் சர்க்யூட் போர்டு, கம்பிச் சுருள். கறுப்புப் பரப்பு, மின்னணு, கம்பி மூன்றும் ஒரே படத்தில் வந்தால் எந்த ஆபரேட்டரும் பச்சைக்கொடி காட்டமாட்டார். காட்டவும் கூடாது. 2010 அக்டோபரில் ஏமனிலிருந்து சிகாகோ முகவரிக்குக் கிளம்பிய இரண்டு பார்சல்களில் பிரின்டர் டோனருக்குள் வெடிமருந்து இருந்தது. ஒன்றை இங்கிலாந்திலும் மற்றதை துபாயிலும் பிடித்தார்கள். அங்கே போய் நின்று பார்த்தவர்களுக்கே முதலில் அது பிரின்டராகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு மின்னணுப் பொருள் என்றால் திரையின் முன் உட்கார்ந்திருப்பவர் கண் இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கும்.

எக்ஸ்ரே தீர்க்காததை வேறு முறையில் தீர்க்க வேண்டும். பெரும்பாலும் பெட்டியைத் திறந்து, துணித் துண்டால் பொருளின் பரப்பைத் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று கருவியில் வைத்துப் பார்ப்பது. அல்லது கையால் எடுத்துப் பார்ப்பது. ஆணியடித்த பெட்டியைப் பிரிக்கக் கடப்பாரை. அதில் ஒரு பலகை பிளந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. உள்ளே ஃபாயில் பை வெற்றிடமாக ஒட்டியிருந்தது. அதன் மேல் எந்த எழுத்தும் இல்லை. உள்ளே இருப்பதை உறுதி செய்யக் கத்தியை எடுத்திருப்பார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதலில் உங்களுக்கு போன் செய்திருப்பேன். ஆனால் பெட்டியின் மேல் போன் எண்ணும் இல்லையே.

எந்தச் சரக்குக்கு எந்த முறை, எத்தனை இடத்தில் துடைக்க வேண்டும் என்ற விதிகளைப் பற்றி ஃபார்வர்டரிடம் துருவிக் கேட்காதீர்கள். அவை சட்டப்படி வெளியே சொல்லக்கூடாத பாதுகாப்புத் தகவல். அவர் மழுப்பினால் உங்களிடம் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தமில்லை.

இனி பேக்கிங். உங்களுக்கு நான் சொல்லும் முதல் மாற்றம், போர்டையும் ஸ்பிண்டிலையும் பிரிப்பது. இரண்டையும் ஒரே விமானச் சரக்குச் சீட்டில், அதாவது ஒரே ஏர்வே பில்லில் அனுப்பலாம், ஆனால் இரண்டு உருப்படியாக. போர்டுகளைத் தனி அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் வையுங்கள். எக்ஸ்ரேயில் அது படிக்கத் தெளிவான படம். பெரும்பாலும் திறக்காமலே தாண்டிவிடும். ஃபாயில் பையும் தப்பிக்கும். எக்ஸ்ரேக்கு ஃபாயில் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு ஆபத்து கத்தியிலிருந்துதான். ஈரப்பதம் ஆகாத போர்டு என்றால் வெளிப் பையை ஜிப் வைத்ததாக வாங்கி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பாக்கெட் போடுங்கள். "திறந்தால் மறுபடி மூடுங்கள், மாற்றுப் பை உள்ளே இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஒட்டி, ஒரு காலிப் பையையும் கூடவே வையுங்கள். கிடங்கில் வேலை செய்கிறவர்களும் மனிதர்கள்தான். கையில் கொடுத்துவிட்டால் ஒழுங்காகச் செய்வார்கள்.

ஸ்பிண்டில் பெட்டியைப் பொறுத்தவரை, அது எக்ஸ்ரேயில் தேறாது என்று இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். அது எப்படியும் வேறு முறைக்குத்தான் போகும். அப்படியானால் பெட்டியைச் சுலபமாகத் திறந்து மூடும்படி செய்வதுதான் உங்கள் வேலை. ஆணியை விட்டு போல்ட்டுக்கு மாறுங்கள். மேல் மூடி மட்டும் ஆறு அல்லது எட்டு அறுகோணத் தலை போல்ட்டில் நிற்கட்டும். மூடியின் மேல் "இங்கே திறக்கவும், அரை அங்குல ஸ்பானர்" என்று ஸ்டென்சில் அடியுங்கள். பெட்டி திறந்ததும் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் ஸ்பிண்டில் மேல் ஃபோமை ஊற்றி அப்படியே உறைய வைத்திருக்கிறீர்கள். அதைப் பெயர்த்தால் திரும்ப வைக்க முடியாது. அதற்குப் பதிலாக மேல் கீழ் என இரண்டு பாதியாக வெட்டிய ஃபோம் தாங்கி வாங்குங்கள். மேல் பாதியைத் தூக்கினால் ஸ்பிண்டில், துடைத்தாயிற்று, திரும்ப வைத்தாயிற்று. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றித்தான் அனுப்புவீர்கள் என்றால் அதன் முனையை டேப் போட்டு அடைக்காமல் மடித்து விடுங்கள். மரத்தில் வெப்பப் பதப்படுத்தல் முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது பாதுகாப்புக்காக இல்லை, பூச்சிக்காக. ஆனால் பெட்டியை மாற்றிச் செய்யும்போது பழைய பலகை ஒன்று உள்ளே புகுந்துவிடும்.

ஸ்கிட்டில் பல அட்டைப்பெட்டி கட்டி அனுப்பும் நாளில் கறுப்பு ஷ்ரிங்க் ராப் வேண்டாம். சோதனை ஒவ்வொரு உருப்படிக்கும் என்பதால், அந்தக் கிடங்கின் எக்ஸ்ரே முழு ஸ்கிட்டையும் விழுங்கும் அளவு பெரியதாக இல்லையென்றால், நீங்கள் அழகாகக் கட்டியதை அவிழ்த்து ஒவ்வொன்றாக விட்டு மறுபடி கட்டுவார்கள். உங்கள் அளவுக்கு அவர்கள் கட்டமாட்டார்கள். அதனால் ஸ்கிட் கட்டும் வேலையைச் சோதனைக்குப் பிறகு அவர்களே செய்யட்டும் என்று விடலாம், அல்லது வெளிப்படையான ராப் போட்டுப் பெட்டிகளின் எண்ணிக்கையை நான்கு பக்கமும் எழுதலாம். கூடவே உயரத்தையும் பாருங்கள்: பெரிய பயணிகள் விமானத்தின் கீழ்த்தளத்தில் 160 சென்டிமீட்டரைத் தாண்டிய ஸ்கிட் நுழையாது. அப்படித் தாண்டியதைக் கிடங்கில் பிரித்தால் அதற்கும் மணி நேரம் போகும்.

துகள் சோதனையில் இன்னொரு விஷயம் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கருவி மிக நுண்ணியது. வெடிமருந்தோடு உறவுள்ள சாதாரணப் பொருளுக்கும் கத்தும். தோட்ட உரம், கிளிசரின் கலந்த கை லோஷன் எல்லாம் அந்த ரகம். எனக்குத் தெரிந்த ஒரு வாடிக்கையாளர் பெட்டி மூன்று வாரம் தொடர்ந்து அலாரம் அடித்தது. கடைசியில் போய்ப் பார்த்தால், பேக் செய்யும் மேசையில்தான் வார இறுதியில் புல்வெளிக்கான உர மூட்டையை இறக்கி வைத்திருக்கிறார்கள். மேசையை மாற்றினார்கள், அலாரம் நின்றது. உங்கள் பட்டறையில் பேக் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். புதியது, ஒவ்வொரு முறையும்.

இவ்வளவுக்கும் மேலாக ஸ்பிண்டில் பெட்டிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: நாய். 2018 இறுதியிலிருந்து டிஎஸ்ஏ சான்று பெற்ற தனியார் நாய்க் குழுக்கள் சரக்கைச் சோதிக்கலாம் என்று ஆனது. எஃகு எவ்வளவு கெட்டி என்பது நாய்க்கு ஒரு பிரச்சினையே இல்லை. பெட்டியைப் பிரிக்க வேண்டாம், ஸ்கிட்டை அவிழ்க்க வேண்டாம், சுற்றி வந்து மோப்பம் பிடித்துவிட்டுப் போய்விடும். உங்கள் ஃபார்வர்டரிடம் நாய்க் குழு வருகிறதா, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சிறிய கிடங்குகளுக்கு அது தினமும் வராது. வாரத்தில் இரண்டு நாள், குறிப்பிட்ட நேரம் என்று இருக்கும். அந்த நேரம் மதியம் 1 மணி என்றால் உங்கள் உண்மையான கட்-ஆஃப் 2 மணி இல்லை, 12.30. நாய் வந்து போன பிறகு இறங்கும் பெட்டிக்கு மறுபடி கடப்பாரைதான். நானாக இருந்தால் எடை அதிகமான உலோகப் பெட்டிகளை நாய் வரும் நாளுக்கென்றே ஒதுக்கி வைப்பேன். போர்டு, கேபிள் எல்லாம் எந்த நாளும் போகட்டும்.

பட்டறையையே சிசிஎஸ்எஃப் ஆக்கினால் என்ன? உங்கள் அளவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பூட்டிய தனி இடம் வேண்டும். யார் உள்ளே போகலாம் என்ற கட்டுப்பாடு வேண்டும். வேலையாட்களுக்கு டிஎஸ்ஏ பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி, பதிவேடு, எப்போது வேண்டுமானாலும் வரும் ஆய்வாளர் எல்லாம் உண்டு. அதோடு சோதித்த பெட்டி உங்கள் வாசலிலிருந்து விமான நிறுவனத்தின் டாக் வரை காவல் சங்கிலி அறாமல் போக வேண்டும். முத்திரை எண், ஒப்படைத்தவர் கையெழுத்து, சரிபார்ப்பு முடித்த ஓட்டுநர் என்று ஒவ்வொரு கண்ணியும் இருக்க வேண்டும். வழியில் முத்திரை கிழிந்தாலோ, யாரோ மச்சான் வண்டியில் ஏற்றி அனுப்பினாலோ, சங்கிலி அறுந்தது. பெட்டி சோதிக்காத பெட்டியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. திறக்கவே கூடாத பொருளை, உதாரணமாகக் கிருமியற்ற அறையில் மூடிய மருத்துவக் கருவிகளை, தினமும் அனுப்புகிறவர்களுக்கு அது அர்த்தமுள்ள செலவு. வாரம் இரண்டு ஸ்பிண்டிலுக்கு ஃபார்வர்டர் வாங்கும் ஸ்கிரீனிங் கட்டணம் மலிவு. அந்தக் கட்டணத்துக்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் விலைப்பட்டியலில் எக்ஸ்ரேக்கு எவ்வளவு, கையால் திறந்து பார்ப்பதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் புதிய பெட்டியின் செலவை அடைக்கும்.

"அப்படியானால் ஃப்ரெய்ட்டரில் அனுப்பினால் சோதனையிலிருந்து தப்பலாமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். முன்பு ஓரளவு முடிந்தது. 2021 ஜூலையிலிருந்து அமெரிக்காவை விட்டு வெளிநாடு போகும் ஃப்ரெய்ட்டர் சரக்குக்கும் சோதனையோ அதற்கு ஈடான பாதுகாப்பு ஏற்பாடோ வேண்டும் என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டுக்குப் போகும் சரக்கில் பெரும்பகுதி வளைகுடா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. உங்கள் நோன் ஷிப்பர் பதிவின் உண்மையான பயன் இதுதான்: அந்த விமானங்கள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் ஃப்ரெய்ட்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அது கட்-ஆஃபை நீட்டாது. ஆனால் தவறவிட்டால் அடுத்த வண்டி மறுநாளே இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் மாலை இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இரண்டு உருப்படிகளின் அளவும் எடையும் ஃபார்வர்டருக்குப் போய்விடட்டும். கூடவே ஒரு வரி: "உருப்படி ஒன்று கெட்டி எஃகு, எக்ஸ்ரே ஊடுருவாது, மூடி போல்ட்டில் இருக்கிறது." இந்த ஒரு வரியைப் பார்த்தால் அவர் அந்தப் பெட்டியை நேராகச் சரியான முறைக்கு அனுப்புவார், முதலில் எக்ஸ்ரேயில் விட்டுத் தோற்கும் நேரம் மிச்சம். பெட்டியின் மேல் உங்கள் கைபேசி எண். அன்று மதியம் அதை எடுக்கும்படி ஒருவர். எடிசனிலிருந்து அந்தக் கிடங்கு நாற்பது மைல் சொச்சம்தான், ஆனால் ஜிபிஎஸ் காட்டும் பெல்ட் பார்க்வேயில் லாரிக்கு அனுமதி இல்லை. சுற்றித்தான் வர வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமை. காலை 9 மணிக்கு வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பினால் 12-க்குள் டாக்கில் இருக்கும். போன முறை 11 மணிக்குக் கிளம்பியதாக ரசீதில் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் அலாரம் தீர்ந்திருக்கும், விமானமும் கிடைத்திருக்கும்.

இன்னொன்று, ரசீதில் கவனித்தது. சரக்கு எடுத்த இடம் என்று பிஸ்கேட்டவே முகவரி ஒன்று இருக்கிறது, எடிசன் இல்லை. அது உங்கள் இரண்டாவது ஷெட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். நோன் ஷிப்பர் பதிவு பெயரோடு முகவரியையும் சேர்த்துத்தான். எடிசன் பதிவு பிஸ்கேட்டவேக்குச் செல்லாது. ஒரு நாள் கண்ணில் பட்டுவிட்டால் பெட்டி அப்படியே பயணிகள் விமானத்திலிருந்து கீழே இறங்கிவிடும். அன்றைக்கு எந்த போல்ட்டும் நாயும் உதவாது. திங்கட்கிழமை முதல் வேலையாக ஃபார்வர்டரிடம் அந்த முகவரியையும் பதிவில் போடச் சொல்லுங்கள்.